ஆடித் தள்ளுபடிப் பலகையில் என்ன எழுதலாம்?

ஜூலை நடுவில் ஆடி பிறந்ததுமே தமிழ்நாட்டு ஜவுளிக்கடைகளில் தள்ளுபடிப் பலகைகள் ஏறிவிடும். ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் வியாபாரம் மந்தம். தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்குள் கோடைச் சரக்கு அலமாரியைக் காலி செய்தாக வேண்டும்.

இந்தக் காரணத்தில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் பல விளம்பரங்கள் அதைச் சொல்வதே இல்லை. ‘அதிரடி’, ‘அள்ளிச் செல்லுங்கள்’ என்று கூவுகின்றன. படிப்பவருக்குச் சேலை கண்ணில் படுவதில்லை, கடைக்காரரின் அவசரம்தான் படுகிறது.

கைத்தறிக் காட்டன் சேலை விற்கும் நடுத்தரக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் தோன்றும் வாசகம் இப்படி இருக்கும்: ‘50% வரை மெகா தள்ளுபடி! ஸ்டாக் உள்ளவரை மட்டும்!’ உள்ளே போனால் 50% கிடைப்பது நாலைந்து சேலைக்குத்தான், மற்றவை 10%. ‘வரை’ என்ற சொல்லைப் பொடி எழுத்தில் போட்ட கடையை வாடிக்கையாளர் அடுத்த ஆண்டும் மறக்கமாட்டார்.

அதையே இப்படி எழுதலாம்: ‘தீபாவளி நெசவு வரப்போகிறது. அதற்கு இடம் வேண்டும். கோடைக்காக எடுத்த வெளிர்நிறக் காட்டன் சேலைகள் 1,450 ரூபாயிலிருந்து 1,015 ரூபாய்க்கு. பட்டுக்கும் புது வரவுக்கும் தள்ளுபடி இல்லை. ஆகஸ்ட் 16 வரை.’

இங்கே காரணம் முதலில் வருகிறது. எந்தச் சரக்கு என்பது தெளிவாக இருக்கிறது. 30% குறைப்பைக் கணக்குப் போடாமலே இரண்டு விலைகளும் காட்டிவிடுகின்றன. பட்டுக்குத் தள்ளுபடி இல்லை என்ற வரிதான் கடையின் மதிப்பைக் காக்கிறது: எல்லாமே விலை இறங்கிவிடவில்லை, ஒரு பருவத்துச் சரக்கு மட்டுமே இறங்கியிருக்கிறது.

பழைய விலை உண்மையாக இருந்தால்தான் இது நிற்கும். ஜூனில் 1,100 ரூபாய்க்கு விற்ற சேலைக்கு 1,450 என்று புது டேக் ஒட்டினால், முன்பே வாங்கியவர் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார். சட்டமும் இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க மத்திய அரசு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், போதிய சரக்கில்லாமல் குறைந்த விலையைக் காட்டி ஆளை இழுப்பதைத் தடுக்கின்றன. ஆகவே 20 சேலைதான் இருக்கிறது என்றால் ‘20 சேலைகள் மட்டும்’ என்றே அச்சிட வேண்டும். ‘ஸ்டாக் உள்ளவரை’ என்பதைவிட அந்த எண் வேகமாக விற்கவும் செய்யும்.

தள்ளுபடியே மதிப்பைக் குறைப்பதில்லை. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், தீபாவளிக்கு 30% தள்ளுபடி தருவதை வழக்கமாகவே வைத்திருக்கிறது. கைத்தறிக்காக வருபவர்கள் அதனால் விலகிவிடவில்லை. எப்போது, எவ்வளவு என்பது முன்பே தெரிந்த தள்ளுபடி அது.

அதிகம் சறுக்குவது கடைசி நாளில். ‘மக்களின் பேராதரவால் நீட்டிப்பு’ என்று மறுநாள் பலகை மாறினால், 16-ஆம் தேதிக்குள் அவசரமாக வந்து வாங்கியவர் ஏமாந்ததாக நினைப்பார். அடுத்த ஆடியில் எந்தத் தேதியையும் நம்பமாட்டார். மிஞ்சிய சேலைகளுக்கு ஒரே வழி, 17-ஆம் தேதி காலை பலகையை இறக்கிவிட்டு, அவற்றைப் பழைய 1,450 ரூபாய் விலைக்கே அலமாரியில் வைப்பது.