எந்த நீதிமன்றத்தின் கதவைத் தட்டுவது?

சட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் உரிமையியல் நடைமுறை என்றொரு பாடம் உண்டு. அதில் முதலில் கற்றுத் தருவது வாதாடும் கலையை அல்ல. ஒரு வழக்கை எங்கே கொண்டுபோய்ப் பதிவு செய்வது என்பதைத்தான். இதற்கு அதிகார வரம்பு என்று பெயர். நியாயம் நம் பக்கம் இருந்தாலும், தவறான நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால் அந்த நியாயத்தை யாரும் கேட்கமாட்டார்கள்.

மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்டால் விடை கிடைத்துவிடும். வழக்கு எதைப் பற்றியது? எவ்வளவு தொகைக்கு? எங்கே நடந்தது? முதலாவது பொருள் சார்ந்த வரம்பு, இரண்டாவது பண வரம்பு, மூன்றாவது எல்லை வரம்பு.

என் சொந்த ஊரான கெலாங் பாத்தாவை வைத்தே ஒரு கற்பனை உதாரணம் சொல்கிறேன். ஒரு குடும்பம் வீட்டின் பின்பக்கச் சமையலறையை நீட்டிக் கட்ட 62,000 ரிங்கிட்டுக்கு ஒப்பந்தம் செய்கிறது. குத்தகையாளரின் கடை குளுவாங்கில் இருக்கிறது. 45,000 ரிங்கிட் வாங்கிக்கொண்டு, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அவர் போய்விடுகிறார். மிச்ச வேலையை முடிக்க இன்னொருவர் 30,000 ரிங்கிட் கேட்கிறார்.

முதல் கேள்வி: இது எதைப் பற்றியது? ஒப்பந்த மீறலால் வந்த பண இழப்பு. இதை மாஜிஸ்திரேட் நீதிமன்றமும் செஷன்ஸ் நீதிமன்றமும் விசாரிக்கலாம். அதுவே விவாகரத்தாகவோ, உயில் மெய்ப்பிப்பாகவோ, பிள்ளையின் பாதுகாப்புரிமையாகவோ இருந்தால் தொகையைப் பற்றிய பேச்சே எழாது. நேராக உயர் நீதிமன்றம்தான். சாலை விபத்து வழக்குக்குச் சட்டம் வேறொரு வழி வைத்திருக்கிறது. இரண்டாவது இணைப்பு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் போனவர் அடிபட்டு 15 லட்சம் ரிங்கிட் இழப்பீடு கேட்டாலும், அதைச் செஷன்ஸ் நீதிமன்றமே விசாரிக்கலாம். விபத்து வழக்குகளில் அதற்குத் தொகை வரம்பு இல்லை.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு? 2013 மார்ச் 1 முதல், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் உச்ச வரம்பு 100,000 ரிங்கிட். செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் பொதுவாக 10 லட்சம் ரிங்கிட். அதற்கு மேல் போனால் உயர் நீதிமன்றம். 5,000 ரிங்கிட்டைத் தாண்டாத தொகைக்கு, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே வழக்கறிஞர் இல்லாமல் நடக்கும் சிறு கோரிக்கை முறை இருக்கிறது.

நம் குடும்பத்தின் கோரிக்கை எவ்வளவு? ஒப்பந்தத் தொகையான 62,000 என்று சிலர் சொல்வார்கள். கொடுத்த பணமான 45,000 என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டுமே இல்லை. ஏற்கெனவே கொடுத்த 45,000, இனிக் கொடுக்க வேண்டிய 30,000, ஆக 75,000 ரிங்கிட் செலவாகிறது. எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் செலவு 62,000. ஆகவே இழப்பு 13,000 ரிங்கிட். பண வரம்பைப் பார்ப்பது இந்தத் தொகையை வைத்துத்தான்.

இந்த 13,000 ரிங்கிட் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் வரம்புக்குள் அடங்கும். சிறு கோரிக்கை முறையின் எளிமைக்கு ஆசைப்பட்டு, இதை 5,000, 5,000, 3,000 என்று மூன்று வழக்குகளாக உடைக்க முடியுமா? முடியாது. ஒரே ஒப்பந்த மீறலில் பிறந்த ஒரே கோரிக்கையைத் துண்டு போடச் சட்டம் அனுமதிப்பதில்லை. 8,000 ரிங்கிட்டை விட்டுக்கொடுத்து 5,000 மட்டும் கேட்கலாம். ஆனால் விட்டது விட்டதுதான், பிறகு அதைக் கேட்டு வர முடியாது.

வேறொரு நல்ல வழி உண்டு. பயனீட்டாளர் கோரிக்கைகளுக்கான தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். இங்கும் பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அங்கே பதிவு செய்துவிட்டால், அதே விஷயத்தை நீதிமன்றத்துக்கும் கொண்டுபோக முடியாது.

மூன்றாவது கேள்வி: எங்கே? வழக்குக்கான காரணம் எங்கே எழுந்தது, பிரதிவாதி எங்கே வசிக்கிறார் அல்லது தொழில் செய்கிறார், சம்பவங்கள் எங்கே நடந்தன என்று பார்க்க வேண்டும். நில உரிமைத் தகராறு என்றால் நிலம் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வேலை நின்றுபோன வீடு கெலாங் பாத்தாவில் இருப்பதால் ஜோகூர் பாருவில் வழக்குத் தொடுக்கலாம். குத்தகையாளரின் கடை இருப்பதால் குளுவாங்கிலும் தொடுக்கலாம். வாதி எங்கே குடியிருக்கிறார் என்பது மட்டும் ஒரு காரணமாகாது. இதைத்தான் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் நம் ஊரில் ஏராளம் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குத்தகையாளர் சிங்கப்பூரில் இருந்தால், அழைப்பாணையை அங்கே அனுப்ப முதலில் நம் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். விபத்து துவாசில் நடந்து, மோதியவரும் அங்கேயே இருந்தால், இங்கே வழக்குத் தொடுப்பதற்கான பிடிமானமே இல்லாமல் போகலாம்.

இந்த மூன்றில் மிகக் கடினமானது முதல் கேள்விதான். அதற்கு நம் சமூகம் அறிந்த சான்று, ஈப்போவைச் சேர்ந்த எம். இந்திரா காந்தியின் வழக்கு. 2009இல் அவருடைய கணவர் மதம் மாறினார். தாய்க்குத் தெரியாமலேயே மூன்று பிள்ளைகளும் மதம் மாற்றப்பட்டனர். அந்தச் சான்றிதழ்கள் செல்லுமா என்பது ஒரு கேள்வி; அதைக் கேட்கும் அதிகாரம் யாருக்கு என்பது இன்னொரு கேள்வி. ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குட்பட்ட விஷயங்களில் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்கிறது அரசியலமைப்பின் 121(1ஏ) பிரிவு. ஆனால் முஸ்லிம் அல்லாத தாய் ஷரியா நீதிமன்றத்தில் வழக்காட முடியாது.

2013இல் ஈப்போ உயர் நீதிமன்றம் சான்றிதழ்களை ரத்து செய்தது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், உரிமையியல் நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று பெரும்பான்மைத் தீர்ப்பில் கூறியது. 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அதை மாற்றினர். அரசு அமைப்பு ஒன்று சட்டப்படி நடந்ததா என்று ஆராயும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கே உரியது, அதைப் பறிக்க முடியாது என்றனர். பிள்ளைகளின் மதமாற்றத்துக்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் தேவை என்றும் தீர்ப்பளித்தனர். எந்த நீதிமன்றம் என்ற கேள்வி தீர்வதற்குள் ஒரு தாய்க்கு ஒன்பது ஆண்டுகள் போயிருந்தன.

நம்மீது யாராவது வழக்குப் போட்டாலும் இந்த மூன்று கேள்விகள் உதவும். பொருள் சார்ந்த அதிகாரம் இல்லாத நீதிமன்றத்துக்கு, இரு தரப்பும் ஒப்புக்கொண்டாலும் அதிகாரம் வந்துவிடாது. தொகையில் கொஞ்சம் இளக்கம் உண்டு. 10 லட்சத்தைத் தாண்டினாலும், இரு தரப்பும் எழுத்து மூலம் சம்மதித்தால் செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கலாம். அதிகார வரம்பை எதிர்க்க நினைக்கும் பிரதிவாதி, எதிர்வாதத்தைத் தாக்கல் செய்வதற்கான கெடுவுக்குள்ளேயே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். பேசாமல் வழக்காடிவிட்டுக் கடைசியில் “இது என் ஊர் நீதிமன்றம் இல்லை” என்று சொன்னால் எடுபடாது.

காலக்கெடுவையும் மறக்கக் கூடாது. ஒப்பந்த மீறலுக்கு ஆறு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். ஐந்தரை ஆண்டுகள் கழித்துத் தவறான நீதிமன்றத்துக்குப் போய், அங்கே ஓராண்டு கழித்து வழக்குத் தள்ளுபடியானால், சரியான நீதிமன்றத்துக்குப் போகும்போது கெடு முடிந்திருக்கும். குத்தகையாளர் ஏமாற்றியது உண்மையாகவே இருந்தாலும், அந்த 13,000 ரிங்கிட் திரும்ப வராது.