பைல் வார்க்கும்போது டேப் யார் கையில்?

பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய பகுதிகளில் அடுக்ககம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் பைல் போடாமல் தப்ப முடிவதில்லை. மேலே கொட்டி நிரவிய மண், அதற்குக் கீழே இளகிய களி, கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். கட்டடத்தின் எடையை அந்தக் களியைத் தாண்டி, கீழே இருக்கும் கெட்டி மண்ணுக்கோ பாறைக்கோ கொண்டுபோக வேண்டும். அதற்காக நிலத்தில் துளை போட்டு, கம்பிக்கூட்டை இறக்கி, துளையிலேயே கான்கிரீட்டை வார்த்து எடுப்பதுதான் 'போர்டு காஸ்ட் இன் சிட்டு' பைல். அடித்து இறக்கும் வேலை இல்லாததால் பக்கத்து வீட்டுச் சுவர் அதிராது. நெருக்கமான தெருக்களில் இதையே விரும்புவதற்கு அது ஒரு காரணம்.

இதன் சிக்கல், வார்ப்பதை யாரும் பார்க்க முடியாது என்பது. துளை முழுக்கச் சேற்று நீர் நிற்கும். அதற்கடியில் என்ன நடக்கிறது என்பதைச் சைட் என்ஜினியர் அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

600 மில்லிமீட்டர் விட்டம், 20 மீட்டர் ஆழம் உள்ள ஒரு பைலை எடுத்துக்கொள்வோம். ரிக் துளைக்கும்போது சுவர் சரியாமல் இருக்க மேல் சில மீட்டருக்கு இரும்புக் கேசிங் இறக்குவார்கள். அதற்குக் கீழே துளையைத் தாங்குவது பென்டனைட் கலந்த நீர். தண்ணீரைவிடச் சற்றே கனமான இந்தக் குழம்பின் மட்டம் நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்க வேண்டும். இறங்கினால் சுவர் உள்ளே சரியத் தொடங்கும். துளை முடிந்ததும் நுனியில் எடை கட்டிய டேப்பை விட்டு ஆழம் பார்த்து, 20 மீட்டர் என்று எழுதிக்கொள்ளலாம். இந்த எண்ணுக்கு மறுபடியும் வருவோம்.

கம்பி 12 மீட்டர் நீளத்தில்தான் வரும். அதனால் கூட்டை இரண்டு துண்டாகக் கட்டுவார்கள். 16 மில்லிமீட்டர் கம்பி எட்டு, அவற்றைச் சுற்றி 8 மில்லிமீட்டர் ஸ்பைரல், தூக்கும்போது கூடு நசுங்காமலிருக்க ஒன்றரை மீட்டருக்கு ஒரு தடித்த வளையம். கீழ்த்துண்டைத் துளைக்குள் இறக்கி, கேசிங் வாயில் குறுக்குக் கம்பியில் தொங்கவிட்டு, மேல்துண்டைக் கிரேனில் பிடித்து இணைப்பார்கள். கம்பி விட்டத்தைப் போல 50 மடங்கு லேப் என்றால் 800 மில்லிமீட்டர். கிரேன் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது அவசரம் காட்டும் இடம் இதுதான். கட்டுக்கம்பியில் நாலு முடிச்சோடு இறக்கிய கூடு பாதியில் கழன்று போனதுண்டு. கம்பி துளைச் சுவரில் சாயாமல் 50 மில்லிமீட்டர் கவர் கிடைக்க, ஸ்பைரலில் உருண்டை கவர் பிளாக்குகளைக் கோத்திருக்க வேண்டும். முழுக் கூடும் துளையின் அடியில் நிற்கக் கூடாது, மேலிருந்து தொங்க வேண்டும். தொங்கும் கம்பியில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள். வார்க்கும்போது அந்தக் கோடு மேலே வந்தால், கான்கிரீட்டோ குழாயோ கூட்டைத் தூக்குகிறது என்று பொருள்.

கூடு இறங்கிய பிறகு மறுபடி டேப்பை விடுகிறோம். இப்போது 19.7 காட்டினால் அடியில் 30 சென்டிமீட்டர் வண்டல் படிந்திருக்கிறது. கூடு சுவரை உரசிக்கொண்டு போன மண்ணும், காத்திருந்த நேரத்தில் படிந்த மணலும் அதில் இருக்கும். அதன்மேல் வார்த்தால் பைல் பாறையில் உட்காராமல் சேற்றில் உட்காரும். ஆகவே குழாய் வழியே புதிய பென்டனைட்டைச் செலுத்தி, பழையது வெளியேறி, டேப் மறுபடி 20 காட்டும்வரை கழுவ வேண்டும். கான்கிரீட் லாரி போக்குவரத்தில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தால் மீண்டும் அளந்து, தேவைப்பட்டால் மீண்டும் கழுவ வேண்டும்.

கான்கிரீட்டை மேலிருந்து கொட்டினால் சேற்று நீரில் கரைந்து, ஜல்லி தனி, சிமெண்ட் தனியாகிவிடும். அதனால்தான் ட்ரெமி குழாய். துண்டு துண்டாக இணைத்த குழாயின் நுனி துளையின் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கும்; மேலே ஹாப்பர், அதன் வாயில் அடைப்பு. ஹாப்பர் நிறைந்ததும் அடைப்பை இழுத்தால் கான்கிரீட் மொத்தமாக இறங்கி, குழாயிலுள்ள பென்டனைட்டைத் தள்ளிவிட்டு, நுனியையும் மூட வேண்டும். 200 மில்லிமீட்டர் குழாயில், நம் துளையில் நுனி ஒன்றரை மீட்டர் புதைய, முதல் தவணைக்கே ஏறக்குறைய முக்கால் கன மீட்டர் கான்கிரீட் தேவை. சிறிய ஹாப்பரோடு தொடங்குகிறவர்கள் முதல் நிமிடத்திலேயே பைலைக் கெடுத்துவிடுகிறார்கள். கலவையும் தானே ஓடக்கூடியதாக இருக்க வேண்டும். ஸ்லம்ப் 150 முதல் 180 மில்லிமீட்டர். கெட்டியாக இருந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். அதைப் பார்த்து டிரைவர் தண்ணீர் ஊற்றினால் வலிமை போய்விடும். அந்த லாரியைத் திருப்பி அனுப்புவதே மேல்.

இனி வேலை முழுக்க டேப்பில்தான். நம் துளையில் ஒரு கன மீட்டர் ஊற்றினால் கான்கிரீட் சுமார் மூன்றரை மீட்டர் உயர வேண்டும். ஒன்றரை கன மீட்டர் போயிருக்கிறது, மட்டம் 14.7 மீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும், டேப் 15.1 காட்டுகிறது. துளை கொஞ்சம் அகலமாகியிருக்கும், பரவாயில்லை. குழாயின் நுனி 19.8-இல் இருக்கிறது, அதாவது 4.7 மீட்டர் புதைந்திருக்கிறது. ஃபோர்மேன் கேட்பார்: "சார், மூணு மீட்டர் துண்டு ஒண்ணக் கழட்டிரலாமா?"

"கழட்டுனா 1.7தான் நிக்கும்ணே. இன்னும் அரை கன மீட்டர் போகட்டும்."

குழாய் எப்போதும் குறைந்தது 2 மீட்டர் கான்கிரீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதே கணக்கு. நுனி வெளியே வந்துவிட்டால் பென்டனைட் உள்ளே புகுந்து, பைலின் நடுவே சேற்று அடுக்கு ஒன்று உட்கார்ந்துவிடும். மேலே நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது. மிக ஆழமாகப் புதையவிட்டாலும் கான்கிரீட் இறங்க மறுக்கும்.

அடுத்த ஒரு கன மீட்டருக்கு மூன்றரை மீட்டருக்குப் பதில் ஒன்றரை மீட்டர்தான் உயர்ந்தால், அந்த ஆழத்தில் சுவர் சரிந்து குழி விழுந்திருக்கிறது. ஐந்து மீட்டர் உயர்ந்தால்தான் அதிகம் பயப்பட வேண்டும். இளகிய களி துளையை நெருக்கியிருக்கலாம், பைலுக்கு அங்கே கழுத்து விழுந்திருக்கும். அல்லது சுவர் இடிந்து கான்கிரீட்டின் மேல் விழுந்திருக்கும். இரண்டு வகையிலும் ஆழத்தைப் பதிவேட்டில் எழுதி, வடிவமைத்தவருக்கு அன்றே தெரிவிக்க வேண்டும்.

கடைசியில் மேலே வருவது முதலில் ஊற்றிய கான்கிரீட். பென்டனைட்டும் வண்டலும் கலந்திருக்கும் அதை நம்பக் கூடாது. பைல் முடிய வேண்டிய மட்டத்துக்கு மேலும் வார்த்து, பிறகு அந்தத் தலையை உடைத்தெடுக்க வேண்டும். கையால் உடைக்க 3 நாளாவது, பிரேக்கர் வைக்க 7 நாளாவது பொறுக்கச் சொல்கிறது ஐ.எஸ். 2911.

பின்னர் சுத்தியலால் தட்டி எதிரொலியைப் படிக்கும் இன்டெக்ரிட்டி சோதனை உண்டு. பெரிய வெடிப்பும் கழுத்தும் அதில் தெரியலாம். கவர் போதுமா, அடியில் வண்டல் இருந்ததா என்பது தெரியாது. எடை ஏற்றிப் பார்க்கும் சோதனையோ மிகச் சில பைல்களுக்குத்தான் நடக்கும். ஒவ்வொரு பைலுக்கும் இருப்பது அந்தப் பதிவேடு மட்டுமே.

நம் பைலின் கணக்குக் கன அளவு 5.65. உண்மையில் துளை சற்று அகலமாவதால் கொஞ்சம் கூடுதலாகவே செலவாகும், பைலுக்குப் பைல் மாறவும் செய்யும். எல்லாப் பைலுக்கும் 5.65 என்றே எழுதியிருக்கும் பதிவேடு, துளைப் பக்கமே போகாமல் எழுதியது. வீடு வாங்கப்போகிறவர்கள், பைல் கேப் கான்கிரீட் போடும் முன்பே அந்தப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.