தூணின் அடி நகரவில்லை

கெட்டியான கம்பி ஒன்றை எடுத்து, 'ப' எழுத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல வளைத்து, வழவழப்பான மேசைமேல் நிறுத்துங்கள். மேல்கம்பியின் நடுவில் விரலால் அழுத்தினால் இரண்டு காலும் வெளிப்பக்கமாக விலகும். இப்போது பக்கத்துக்கு ஒரு கனமான புத்தகத்தைக் காலை ஒட்டி வைத்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். கால் நகராது. மேல்கம்பியும் முன்போல அவ்வளவு தொய்யாது. புத்தகம் காலை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறது.

எவ்வளவு விசையுடன் தள்ளுகிறது? இரண்டு தூணும் ஒரு பீமும் கொண்ட எந்தச் சட்டகத்திலும் எழும் கேள்வி இது. பள்ளியில் படித்த சமநிலை விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். பீமின் நீளம் 6 மீட்டர், தூணின் உயரம் 4 மீட்டர். பீம்மேல் மீட்டருக்கு 2 டன் வீதம் மொத்தம் 12 டன் பாரம். தூண்களின் அடி கீல் போட்டது போன்றது. திரும்பலாம், நகரக் கூடாது. ஆளுக்குப் பாதியாக ஒவ்வொரு தூணும் 6 டன் தாங்கும் என்பதைச் சமநிலையே சொல்லிவிடும். பக்கவாட்டு விசையைப் பற்றி அது சொல்வதெல்லாம், இடது அடியில் எவ்வளவோ வலது அடியிலும் அவ்வளவு, எதிர்த்திசையில் என்பது மட்டும்தான். அரை டன் என்றாலும் கணக்கு நேராகும், இரண்டு டன் என்றாலும் நேராகும். சட்டகம் விழாமல் நிற்க இந்த விசை தேவையே இல்லை. ஓர் அடியைச் சக்கரத்தின்மேல் வைத்தாலும் அது நிற்கும். அதனால்தான் இதற்கு மிகை எதிர்விசை என்று பெயர். கல்லூரி வகுப்பறையில் 'ரிடண்டன்ட்' என்பார்கள். இதை H என்று குறிப்போம்.

சமநிலை கைவிட்ட இடத்தில் வளைவு கைகொடுக்கிறது. வளைந்த பீமும் தூணும் முறுக்கிய ஸ்பிரிங் போலத் தமக்குள் ஆற்றலைச் சேர்த்துவைத்திருக்கின்றன. இதுவே திரிபு ஆற்றல். ஓரிடத்தை வளைக்கும் திருப்புதிறன், அதாவது பெண்டிங் மொமெண்ட், எவ்வளவோ அதன் வர்க்கத்துக்கு ஏற்ப அங்கே ஆற்றல் சேரும். நம் சட்டகத்தில் தூணை வளைப்பது H மட்டுமே. அடியில் சுழியமாகத் தொடங்கும் திருப்புதிறன் உச்சியில் 4H ஆகும். பீமில் இரண்டு வேலை நடக்கிறது. பாரம் அதைக் கீழ்நோக்கி வளைக்கிறது. நடுவில் இந்தத் திருப்புதிறன் 9 டன்-மீட்டர். H அதற்கு எதிராக, பீமின் நீளம் முழுக்க 4H அளவைக் கழிக்கிறது. தூணும் பீமும் ஒரே குறுக்களவு என்று கொண்டு எல்லாத் துண்டுகளின் ஆற்றலையும் கூட்டினால் கிடைப்பது:

U = (129.6 − 144H + 69.33H²) / EI

EI என்பது குறுக்குவெட்டின் விறைப்பு. அதை ஒதுக்கிவிட்டு, அடைப்புக்குள் இருப்பதற்கு மட்டும் எண்களைப் போட்டுப் பாருங்கள். H சுழியமானால் 130. அரை டன் என்றால் 75. ஒரு டன்னுக்கு 55. ஒன்றரை டன்னுக்கு மறுபடி ஏறி 70. இரண்டு டன்னுக்கு 119. பள்ளத்தாக்கு ஒன்று கண்முன் தெரிகிறது. அதன் அடிமட்டத்தைப் பிடிக்க வகைக்கெழுவைச் சுழியமாக்க வேண்டும்: dU/dH = 0. அதாவது 138.67H = 144. H ஏறத்தாழ 1.04 டன்.

இந்த ஒரு டன் தள்ளல் என்ன செய்கிறது? பீமின் நடுவில் 9 ஆக இருந்த திருப்புதிறன் 4.85 ஆக இறங்குகிறது. மீதி 4.15, பீமும் தூணும் சேரும் மூலைக்குப் போகிறது. மூலையில் மேல்பக்கக் கம்பியைக் குறைத்துப் போட்டால் விரிசல் எங்கே விழும் என்று இப்போது தெரிந்திருக்கும். விடையைச் சோதிக்கவும் வழி உண்டு. தூண்கள் வளையவே வளையாத அளவுக்கு விறைப்பானவை என்றால், மூலையின் திருப்புதிறன் சுவரில் பதித்த பீமின் அளவான 6 ஆக வேண்டும். தூண்கள் மிக மெலிந்தவை என்றால் சுழியத்தை நெருங்க வேண்டும். 4.15 இடையில் விழுகிறது. 6-ஐத் தாண்டி ஒருவருக்கு விடை வந்தால், எங்கோ குறியை மாற்றிப் போட்டிருக்கிறார்.

இந்தக் கணக்கைக் கற்ற நாளில், இயற்கை சோம்பேறி, அதனால் குறைந்த ஆற்றலைத் தேர்ந்தெடுக்கிறது என்று எங்களுக்குச் சொன்னார்கள். கேட்க நன்றாக இருந்தது. பல ஆண்டுகள் அதையே நம்பிக்கொண்டும் இருந்தேன். உண்மையான காரணம் இன்னும் எளியது. ஒரு விசையைச் சிறிதே கூட்டும்போது திரிபு ஆற்றல் எந்த வீதத்தில் மாறுகிறதோ, அந்த வீதமே அந்த விசையின் திசையில் அந்தப் புள்ளி நகரும் தூரம். தூணின் அடி நகரவில்லை, ஆகவே வீதம் சுழியம். dU/dH = 0 என்பது 'அடி நகரவில்லை' என்ற வாக்கியத்தைக் கணிதத்தில் எழுதியது, அவ்வளவுதான்.

இந்தத் தேற்றத்தை 1873இல் டூரின் நகரில் தன் ஆய்வேட்டில் நிரூபித்தவர் கார்லோ ஆல்பெர்ட்டோ காஸ்டிலியானோ. பின்னாளில் வட இத்தாலிய ரயில்வேயில் வேலை பார்த்து, 36 வயதில் இறந்துபோனவர். குறைந்த ஆற்றல் என்ற கருத்தை அவருக்கு முன்பே, 1858இல், மெனப்ரியா என்ற ராணுவப் பொறியாளர் வெளியிட்டிருந்தார். ஆனால் அவருடைய நிரூபணம் உறுதியாக நிற்கவில்லை. இடையில் மெனப்ரியா இத்தாலியின் பிரதமராகவும் இருந்துவிட்டார். 1875இல் இருவருக்கும் இடையே உரிமைத் தகராறு எழுந்தது. என் ஓட்டு இளையவருக்கே. ஆற்றல் குறைகிறது என்று சொல்வதைவிட, ஏன் குறைகிறது என்று காட்டியதுதான் பெரிய வேலை.

அந்த 'ஏன்' தெரிந்தவருக்குத்தான், அடி நகர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் தெரியும். நம் தூணும் பீமும் 300க்கு 450 மில்லிமீட்டர் கான்கிரீட் என்று வையுங்கள். EI சுமார் 5700 டன்-சதுர மீட்டர், விரிசல் விழாத நிலையில். மண் இளகி, இரண்டு அடிகளுக்கும் இடைப்பட்ட தூரம் ஒரே ஒரு சென்டிமீட்டர் கூடுகிறது. இப்போது வகைக்கெழு சுழியமில்லை. 144-லிருந்து 138.67H-ஐக் கழித்தால் 57 வர வேண்டும். H 0.63 டன்னாகச் சரிகிறது. பீம் நடுவின் திருப்புதிறன் 4.85-லிருந்து 6.5 ஆகிறது, மூன்றில் ஒரு பங்கு கூடுதல். இரண்டரை சென்டிமீட்டர் விலகினால் H முழுவதும் போய், பழைய 9 திரும்பிவிடும். கட்டடம் விழாது. ஆனால் 4.85-க்குக் கணக்குப் போட்டுக் கம்பி கட்டிய பீமின் அடிவயிற்றில் விரிசல் தெரியும்.

மண்ணை நம்பாதவர்கள் இரண்டு அடிகளையும் தரைக்குக் கீழே ஓர் இழுகம்பியால் பிணைத்துவிடுவார்கள். 25 மில்லிமீட்டர் கம்பி ஒன்று போதுமா? அந்தக் கம்பி நீள்வதில் சேரும் ஆற்றலையும் மேலே உள்ள கூட்டலில் சேர்த்துவிட்டு, மறுபடி வகைக்கெழுவைச் சுழியமாக்கிப் பார்க்கலாம். 138.67 என்பது 142.15 ஆகிறது. மண் துளியும் பிடிக்காவிட்டாலும் H 1.01 டன்னில் நிற்கிறது. கம்பி நீள்வது 0.6 மில்லிமீட்டர்.