அழித்த சேனலுக்கு 30 நாள் கெடு

மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் பாடம் நடத்தும் ஒரு பள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புக்கு ஒரு டீம், அதற்குள் பாடத்துக்கு ஒரு சேனல். ஆண்டு முடிந்ததும், மே 5-ஆம் தேதி, ஆசிரியர் ஒருவர் ‘கணிதம்’ சேனலை டெலீட் செய்கிறார். எல்லோருடைய பட்டியலிலிருந்தும் அது மறைந்துவிடுகிறது. மாணவர்கள் கேட்ட சந்தேகங்களும் அவற்றுக்கான பதில்களும் கூடவே காணாமல் போகின்றன.

உண்மையில் அவை இன்னும் அழியவில்லை. டீம்ஸ் அந்தச் சேனலை 30 நாள் மறைத்துத்தான் வைக்கிறது. இதற்கு ஓர் அடையாளமும் உண்டு. மே மாதக் கடைசியில் அதே டீமில் ‘கணிதம்’ என்று புதுச் சேனல் தொடங்கப் பார்த்தால், அந்தப் பெயர் கிடைக்காது. கெடு முடியும்வரை பெயர் பழைய சேனலின் வசம்தான். பலர் இந்த இடத்தில் ‘கணிதம் 2’ என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பழையது வேண்டுமென்றால், அப்போதே மீட்டுவிட வேண்டும்.

மீட்பது எளிது. டீமின் ஓனர் டீம் பெயருக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு ‘Manage team’ போக வேண்டும். அங்கே ‘Channels’ பகுதியில் ‘Deleted’ என்ற பட்டியல் இருக்கும். சேனலுக்கு நேரே ‘Restore’ கொடுத்தால் பழைய உரையாடல்களோடு அது திரும்பி வரும்.

ஜூன் 4 தாண்டிவிட்டால் அந்தப் பட்டியலிலும் சேனல் இருக்காது. உரிமையாளரோ அட்மினோ அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. தகவல்களைக் குறிப்பிட்ட காலம் காக்க வேண்டும் என்று நிறுவனம் முன்பே விதி போட்டிருந்தால், அட்மின் பழைய செய்திகளைத் தேடி எடுக்கலாம். ஆனால் அவை ஆவணமாகக் கிடைக்குமே தவிர, சேனலாக உயிர்பெறாது.

கோப்புகளின் கதை வேறு. சாதாரண சேனலில் ஏற்றிய வினாத்தாள்கள் அந்த டீமுக்குரிய ஷேர்பாயின்ட் தளத்தில், சேனலின் பெயரிலுள்ள ஃபோல்டரில் இருக்கின்றன. சேனலை அழித்தாலும் அந்த ஃபோல்டரை யாரும் தொடுவதில்லை. கெடு கடந்த பிறகும் அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம். சிலருக்கு மட்டுமான பிரைவேட் சேனலுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதற்கென்று தனி ஷேர்பாயின்ட் தளம் உண்டு. சேனல் போனால் அந்தத் தளமும் போய்விடும். பேச்சோடு கோப்பும் சேர்ந்து போவதால், அங்கே 30 நாள் கெடுவைத் தவறவிடவே கூடாது.

சேனலை அல்லாமல் டீமையே அழித்துவிட்டால், ‘Manage team’ பக்கமே இருக்காது. அதற்கும் கெடு 30 நாள்தான் என்றாலும், மீட்டுத் தருவது நிறுவனத்தின் அட்மின் கையில் இருக்கிறது. எனவே விஷயம் தெரிந்த அன்றே அவரிடம் சொல்லிவிடுவது நல்லது.