கர்ப்பிணியின் கைபேசிக்கு வரும் தேதிகள்

கர்ப்பிணிக்கு அனுப்பப்படும் பரிசோதனை அட்டவணைச் செய்தி மூன்று விவரங்களைச் சொல்ல வேண்டும்: எந்த நாளில் வர வேண்டும், அன்று என்ன பரிசோதனை, உடன் யார் வரலாம். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் பிக்மி எண் கிடைக்கிறது. அதன் பிறகு கிராம சுகாதார செவிலியரோ மருத்துவமனையோ தேதிகளைக் குறுஞ்செய்தியாகவோ வாட்ஸ்அப்பிலோ தெரிவிப்பது வழக்கம். பல செய்திகள் தேதியை மட்டும் சொல்லி முடிந்துவிடுகின்றன. அந்தத் தேதிகளில் சிலவற்றை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் எதுவும் கெடாது. வேறு சில தேதிகள் தவறினால் அந்தப் பரிசோதனையைப் பிறகு செய்தும் பயனில்லை. எது எந்த வகை என்று செய்தியில் இல்லாதபோது, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக எந்தத் தேதியையும் சுலபமாக மாற்றிவிடுகிறார்கள்.

எல்லாத் தேதிகளுக்கும் அடிப்படை, கடைசி மாதவிலக்கின் முதல் நாள். அதிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம் கழித்து வருவது பிரசவ உத்தேச நாள். கடைசி மாதவிலக்கு 2026 ஜனவரி 5 அன்று தொடங்கிய ஒரு பெண்ணுக்கு உத்தேச நாள் அக்டோபர் 12. தேதியோடு ஏழு நாளையும் மாதத்தோடு ஒன்பதையும் கூட்டினாலே கிட்டத்தட்ட இந்த விடை வந்துவிடும். இந்தியாவில் அரசு வகுத்த முறைப்படி குறைந்தது நான்கு பரிசோதனைகள் உண்டு: 12 வாரத்துக்குள் ஒன்று, 14 முதல் 26 வாரத்துக்குள் ஒன்று, 28 முதல் 34 வாரத்துக்குள் ஒன்று, 36 வாரத்துக்குப் பிறகு ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2016இல் இதை எட்டாக உயர்த்திப் பரிந்துரைத்தது. கூடுதலானவற்றில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில் வருகிறது, ஏனெனில் இரத்த அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும் காலம் அது.

பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கான நாள் செவ்வாய்க்கிழமை. மேலே சொன்ன பெண்ணுக்குப் பிப்ரவரி 24, மார்ச் 31, மே 26, ஜூலை 7 எனச் செவ்வாய்களாகத் தேதி குறித்துச் செய்தி போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளில் எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், இரத்தப் பிரிவு, சிறுநீரில் புரதமும் சர்க்கரையும், எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி ஆகியவை பார்க்கப்படும். இவற்றுக்கு அந்தச் செவ்வாயே வேண்டும் என்பதில்லை, அடுத்த செவ்வாய் போனாலும் சரி. மார்ச் 31 அப்படிப்பட்ட நாள் அல்ல. குழந்தையின் கழுத்துக்குப் பின்னுள்ள நீர்ப்படலத்தை அளக்கும் என்.டி. ஸ்கேனை 11 வாரம் முடிந்ததிலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் மட்டுமே எடுக்க முடியும். குழந்தையின் நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் அந்த அளவுக்குப் பொருள் உண்டு. இந்தப் பெண்ணின் கணக்குப்படி அது மார்ச் 23 முதல் ஏப்ரல் 12 வரை.

அன்று ஸ்கேன் எடுத்தபோது 12 வாரக் கரு இருக்க வேண்டிய இடத்தில் 10 வாரம் 5 நாள் வளர்ச்சிதான் தெரிந்தது என்று கொள்வோம். பயப்பட வேண்டிய செய்தி இது என்று பல வீடுகளில் நினைத்துவிடுவார்கள். பெரும்பாலும் காரணம் எளியது. மாதவிலக்கு 28 நாளுக்கு ஒருமுறை வரும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. 38 நாளுக்கு ஒருமுறை வரும் பெண்ணுக்குக் கருமுட்டை பத்து நாள் தாமதமாகத்தான் வெளிப்படும். ஒன்பது வாரத்துக்குப் பின் 14 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேனுக்கும் மாதவிலக்குக் கணக்குக்கும் ஏழு நாளுக்கு மேல் வேறுபாடு இருந்தால் மருத்துவர்கள் ஸ்கேனையே ஏற்றுக்கொள்வார்கள். உத்தேச நாள் அக்டோபர் 22 ஆகிறது. இப்படி ஒருமுறை நிர்ணயித்த நாளை, குழந்தை சிறியதாகத் தெரிகிறது என்று பிந்தைய ஸ்கேனை வைத்து மாற்றக் கூடாது. அப்போது தெரியும் குறை வளர்ச்சிக் குறைவாகவே இருக்கக்கூடும், தேதியைத் திருத்தினால் அது மறைந்துபோகும்.

சிக்கல் இங்கேதான். பழைய செய்தி கைபேசியில் அப்படியே கிடக்கிறது. என்.டி. அளவு எடுக்க அன்று காலம் வரவில்லை என்பதால் ஏப்ரல் 7 அன்று மறுபடி வரச் சொல்லி இன்னொரு செய்தி போக வேண்டும். மே 26க்குக் குறித்த அனாமலி ஸ்கேனை மாற்ற வேண்டியதில்லை. பழைய கணக்கில் 20 வாரம், புதிய கணக்கில் 18 வாரம் 5 நாள், இரண்டுமே அந்த ஸ்கேனுக்கு ஏற்றவை. ஜூலை 7ம் அப்படியே நிற்கும். கட்டாயம் மாற வேண்டியவை என்.டி. நாளும் பிரசவ உத்தேச நாளும்தான். பழைய உத்தேச நாள் மனதில் தங்கிவிட்டால் அக்டோபர் 13 முதல் வீட்டில் பதற்றம் தொடங்கும். நாள் கடந்துவிட்டது என்று சொல்லி வலி வரவழைக்கும் மருந்து கேட்கும் நிலையும் வரலாம். எனவே திருத்திய செய்தியின் முதல் வரி ‘முந்தைய அட்டவணை செல்லாது’ என்றிருப்பது நல்லது.

அனாமலி ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாததற்குச் சட்டமும் ஒரு காரணம். கடுமையான குறைபாடு தெரிந்து கருக்கலைப்பை யோசிக்க நேர்ந்தால், 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 24 வாரத்தைத் தாண்டினால் மருத்துவக் குழுவின் முன் செல்ல வேண்டியிருக்கும். 2021இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்வது இது.

ஜூலை 7 அன்று செய்யப்படுவது கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனை. முதல் வருகையில் ஒருமுறை பார்த்து இயல்பாக இருந்தாலும், 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்ப்பது அப்போதுதான் கூடுகிறது. சென்னை மருத்துவர் வி. சேஷையா போன்றோர் முன்வைத்து, இந்திய அரசு ஏற்ற முறை எளிமையானது. 75 கிராம் குளுக்கோஸைச் சுமார் 300 மில்லி நீரில் கரைத்து, ஐந்து நிமிடத்துக்குள் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் எடுப்பார்கள். அளவு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. இதைச் செய்தியில் சொல்லாவிட்டால், இரத்தப் பரிசோதனை என்றாலே பட்டினி என்று நினைத்துத் தொலைவிலிருந்து சாப்பிடாமல் பேருந்தில் வந்து மயங்கிவிழும் பெண்கள் உண்டு. குடித்த அரை மணிக்குள் வாந்தி வந்தால் அன்றைய பரிசோதனை வீண், மறுநாள் செய்ய வேண்டும். அரை மணிக்குப் பின் வந்தால் தொடரலாம். நல்ல செய்தி இப்படி அமையும்:

‘07.07.2026 செவ்வாய், காலை 8.30. சர்க்கரைப் பரிசோதனை. சாப்பிட்டுவிட்டே வரலாம். குளுக்கோஸ் குடித்தபின் 2 மணி நேரம் இங்கேயே இருக்க வேண்டும். தாய்-சேய் நல அட்டை, ஸ்கேன் அறிக்கை எடுத்து வரவும். துணைக்கு ஒருவர் வரலாம். அன்று முடியாவிட்டால் 28.07.2026க்குள் வேறு செவ்வாயில் கட்டாயம் வரவும். இரத்தப்போக்கு, கடுமையான தலைவலி, கண் மங்கல், நீர் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் இருந்தால் தேதிக்குக் காத்திராமல் 108ஐ அழைக்கவும்.’

இதில் எச்.ஐ.வி. பற்றியோ எந்த முடிவைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. பதிவேட்டில் இருக்கும் எண் பல நேரங்களில் கணவருடையதாகவோ மாமியாருடையதாகவோ இருக்கும். முடிவுகளை அந்தப் பெண்ணிடம் நேரில்தான் சொல்ல வேண்டும்.

துணைக்கு ஒருவர் என்பது எல்லா அறைக்கும் பொருந்தாது. காத்திருப்பு இடத்தில், அதிலும் அந்த இரண்டு மணி நேரத்தில், யார் உடனிருந்தாலும் நல்லதே. மருத்துவரின் அறையில் ஆலோசனை கேட்கும்போது கணவர் இருப்பது பயன் தரும். பெண்ணின் இரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் கணவரின் பிரிவும் தெரிய வேண்டும், அவருடையது பாசிட்டிவ் என்றால் 28 வாரத்தில் ஆன்டி-டி ஊசி தேவைப்படும். ஆனால் ஒவ்வொரு வருகையிலும் சில நிமிடம் அந்தப் பெண்ணோடு தனியாகப் பேசும் வழக்கம் வேண்டும். முந்தைய கருக்கலைப்பு, வீட்டில் அடி உதை, விருப்பமில்லாத கர்ப்பம் ஆகியவற்றை உறவினர் முன் யாரும் சொல்ல மாட்டார்கள். பல ஸ்கேன் அறைகளில் துணைக்கு அனுமதி இல்லை. அனுமதித்தாலும் குழந்தையின் பாலினத்தைக் கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஸ்கேனுக்கு முன் அதற்கான உறுதிமொழியில் கர்ப்பிணியே கையெழுத்திடுகிறார். வயது வந்த பெண்ணுக்குப் பரிசோதனை செய்ய அவருடைய சம்மதம் போதும், கணவர் வராததால் திருப்பி அனுப்புவது தவறு.

ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு போகும்போது அட்டவணை பெரும்பாலும் அறுந்துவிடுகிறது. செய்தி புகுந்த வீட்டு ஊரிலிருந்தே வந்துகொண்டிருக்கும், பெண்ணோ வேறு மாவட்டத்தில் இருப்பார். துணையும் மாமியாரிலிருந்து அம்மாவுக்கு மாறும், அம்மாவுக்கு முந்தைய முடிவுகள் தெரியாது. பிக்மி எண் மாநிலம் முழுவதற்கும் ஒன்றே என்பதால், தாய்வீட்டு ஊரிலுள்ள சுகாதார நிலையத்தில் அதைக் காட்டித் தொடரலாம். ஊர் மாறும் நாளைக் கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் எண்ணும் தேதியும் புதிய இடத்துக்குப் போய்ச் சேரும். 30 வாரத்துக்கு மேல் ஒரு மாதம் இடைவெளி விழுந்தால், 140/90ஐத் தொடும் இரத்த அழுத்தம் யார் கண்ணிலும் படாமல் போகும்.

பிரசவ அறைக்கான துணை விதி வேறு. மத்திய அரசு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதிக்கிறது. பெண் உறவினராக இருக்க வேண்டும், பிரசவ அனுபவம் உள்ளவராக இருந்தால் நல்லது. தொற்றுநோய் இருக்கக் கூடாது, தூய உடை வேண்டும், மற்றப் பெண்களின் விஷயத்தில் தலையிடக் கூடாது. மறைவு போதுமான இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம். 36 வார வருகையிலேயே யார் அந்தத் துணை என்று அட்டையில் எழுதி வைத்துவிட வேண்டும். வலி எடுத்த இரவில் வாசலில் நின்று அதை முடிவு செய்ய நேரம் இருக்காது.