நுரை கூடினால் இறக்கிவிடுங்கள்!

ரசப்பொடி சரியில்லை, தக்காளிக்குப் புளிப்பில்லை என்று எதை எதையோ குறை சொல்கிறோம். பெரும்பாலும் குற்றவாளி அடுப்புதான். பருப்புத் தண்ணீரை விட்டு விளாவிய பிறகும் தளதளவென்று கொதிக்க விட்டால், எந்த ரசமும் உருப்படாது.

நாலு பேருக்கு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, நன்கு பழுத்த இரண்டு தக்காளியைக் கையால் பிசைந்து போட்டு, உப்பு, மஞ்சள்தூள், பெருங்காயம், கறிவேப்பிலை, ஒன்றரைத் தேக்கரண்டி ரசப்பொடி சேர்த்து அடுப்பில் ஏற்றுங்கள். இந்தக் கட்டத்தில் அவசரப்படக் கூடாது. மிதமான தீயில் பத்து நிமிடமாவது கொதித்தால்தான் புளியின் பச்சை வாசனை போகும், தக்காளி கரையும், பொடியின் காரம் தண்ணீரில் இறங்கும்.

பருப்பைத் தனியாக வேகவைப்பதற்குக் காரணம் உண்டு. புளிப்பில் துவரம்பருப்பு லேசில் குழையாது. குழைய வெந்த பருப்பு மூன்று மேசைக்கரண்டியை மசித்து, இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து ரசத்தில் விட்டு, தீயைக் குறையுங்கள். சிறிது நேரத்தில் பாத்திரத்தின் ஓரத்தில் வெள்ளை நுரை கட்டும். அது நடுப்பக்கம் கூடி மேலே எழும்பும்போது இறக்கிவிட வேண்டும். கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போட்டு, நெய்யில் கடுகு, சீரகம், மிளகாய் தாளித்துக் கொட்டி மூடிவிடுங்கள்.

அதற்கு மேல் கொதித்தால் என்ன ஆகும்? பருப்பின் மாவுச்சத்து ரசம் முழுக்கப் பரவிக் கெட்டியாக்கும். மேலே தெளிவும் அடியில் மண்டியுமாகப் பிரிய வேண்டிய ரசம், கலங்கலாக, நீர்த்த சாம்பார் போல நிற்கும். மிளகு, சீரகம், பெருங்காயத்தின் மணம் ஆவியோடு போய்விடும். வீடெல்லாம் மணக்கும், தட்டில் மணக்காது.

பருப்பு வாசனை போக ஒரு கொதி வேண்டும் என்பாரும் உண்டு. குழைய வெந்த பருப்புக்கு அது தேவையில்லை.

என் பெரிய கவலை, மறுபடி மறுபடி சுடவைக்கும் பழக்கம். கல்யாணப் பந்திகளிலும் சில உணவகங்களிலும் அண்டா ரசம் காலையிலிருந்து அடுப்பிலேயே கொதிக்கிறது. கடைசிப் பந்திக்கு வருவது புளிப்பும் உப்பும் ஏறிய கலங்கல் நீர். வீட்டிலும் மதியத்து ரசத்தை இரவில் பாத்திரத்தோடு கொதிக்க வைக்கிறோம். இப்படியே சாப்பிட்டு வளரும் பிள்ளைகள், ரசம் என்றால் இதுதான் என்று நினைத்துவிடுவார்கள்.

பந்திக்குச் சமைப்பவர்கள் புளித்தண்ணீரை மொத்தமாகக் கொதிக்க வைத்துக்கொண்டு, பந்திக்குப் பந்தி பருப்புத் தண்ணீர் விட்டு விளாவலாம். வீட்டில் தேவையான அளவை மட்டும் தனியே எடுத்து, ஓரத்தில் நுரை தெரியும் வரை சுடவைத்தால் போதும். விளாவிய ரசத்தை அடுப்பில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள்.