‘அவளாத்தான் வந்தா’ என்றால் அது கடத்தல் இல்லையா? சட்டம் கேட்பது யாருடைய சம்மதத்தை?

ஒரு கற்பனைச் சம்பவம். தாராவி 90 ஃபீட் ரோட்டில் வசிக்கும் 17 வயதுப் பெண் காலையில் வீட்டிலிருந்து கிளம்புகிறார். செம்பூரைச் சேர்ந்த 22 வயது இளைஞரை மாட்டுங்கா ஸ்டேஷனில் சந்திக்கிறார். இருவரும் ரயில் ஏறிவிடுகிறார்கள். மாலையில் பெற்றோர் போலீஸில் புகார் கொடுக்க, ‘கிட்னாப்பிங்’ என்று எஃப்.ஐ.ஆர் பதிவாகிறது. “அவளாத்தானே வந்தா, இது எப்படி கடத்தல் ஆகும்?” என்கிறார்கள் இளைஞரின் நண்பர்கள்.

நீங்களும் அப்படித்தான் கேட்பீர்கள். குழப்பத்துக்கு ஒரு காரணம் மொழி. கிட்னாப்பிங், அப்டக்‌ஷன் இரண்டையுமே நாம் ‘கடத்தல்’ என்றுதான் சொல்கிறோம். சட்டத்தில் இவை இரண்டும் வேறு வேறு.

என்ன வித்தியாசம்?

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 137-வது பிரிவு கிட்னாப்பிங் பற்றியது. 18 வயதுக்குட்பட்டவரை, சட்டப்படியான பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல், அவரது பொறுப்பிலிருந்து அழைத்துச் செல்வதோ ஆசைகாட்டி வரவைப்பதோ குற்றம். தண்டனை 7 ஆண்டு வரை. இங்கே மிரட்டலோ பொய்யோ தேவையில்லை. சட்டம் கேட்பது பெற்றோரின் சம்மதத்தைத்தான். பழைய சட்டத்தில் ஆண் பிள்ளைகளுக்கு இந்த வயது 16 ஆக இருந்தது, இப்போது இருபாலருக்கும் 18.

138-வது பிரிவில் வரும் அப்டக்‌ஷனுக்கு வயது வரம்பே கிடையாது. பலவந்தமாகவோ ஏமாற்றியோ ஒருவரை ஓரிடத்திலிருந்து போகவைத்தால் அது அப்டக்‌ஷன். இங்கே பார்க்கப்படுவது அந்த நபரின் சொந்தச் சம்மதம். செம்பூரில் வேலை பார்க்கும் 24 வயதுப் பெண்ணை, “பாட்டிக்கு ரொம்ப சீரியஸ்” என்று பொய் சொல்லி திருநெல்வேலிக்கு வரவைத்து, கட்டாயக் கல்யாணம் செய்துவைக்கப் பார்த்தால், அதைச் செய்தது பெற்றோராக இருந்தாலும் அப்டக்‌ஷன்தான். அப்டக்‌ஷனுக்கு மட்டும் தனியாகத் தண்டனை இல்லை, நோக்கத்தைப் பொறுத்தே தண்டனை. கட்டாயத் திருமணம் நோக்கமென்றால் 87-வது பிரிவின்படி 10 ஆண்டு வரை.

அப்படியென்றால் 17 வயதுப் பெண்ணின் விருப்பத்துக்கு மதிப்பே இல்லையா?

இதற்கான பதில் சென்னையிலிருந்து வந்தது. 1960 அக்டோபர் 1. 18 வயதாக இன்னும் சில வாரங்களே இருந்த ஒரு கல்லூரி மாணவி. காதல் விஷயம் தெரிந்ததும் அப்பா அவரை கோடம்பாக்கத்தில் உள்ள உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார். மறுநாள் காலை அந்த மாணவி தானாகவே வெளியே வந்து, காதலருக்கு போன் செய்து, ஒரு தெருவைச் சொல்லி வரச் சொன்னார். அவர் காரில் வந்தார். இருவரும் பதிவாளர் அலுவலகம் போய் திருமண ஒப்பந்தத்தைப் பதிவு செய்தார்கள். பிறகு போலீஸ் அவர்களைத் தஞ்சாவூரில் கண்டுபிடித்தது. காதலருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1964-ல் வந்த ‘எஸ்.வரதராஜன் எதிர் மெட்ராஸ் மாநிலம்’ தீர்ப்பு, அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ‘அழைத்துச் செல்வது’ வேறு, ‘கூட வர அனுமதிப்பது’ வேறு என்றது நீதிமன்றம். பெண்ணின் சம்மதம் பெற்றோரின் சம்மதத்துக்கு ஈடாகாது. ஆனால், என்ன செய்கிறோம் என்று புரிந்தே அவர் தானாக வெளியேறியிருந்தால், குற்றம் சாட்டப்பட்டவர் அவரை ‘அழைத்துச் சென்றார்’ என்று சொல்ல இன்னும் ஏதாவது வேண்டும். அவர் ஆசை காட்டினாரா? வெளியேறும் முடிவை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டா? முன்பு எப்போதாவது தூண்டியிருந்தாலும் அது கணக்கில் வரும். இங்கே அப்படி எதுவும் நிரூபிக்கப்படவில்லை.

இது எல்லோருக்கும் பொருந்துமா?

பொருந்தாது. நகரத்தில் வளர்ந்த, 18-ஐ நெருங்கிய கல்லூரி மாணவி என்பதும் அந்தத் தீர்ப்பில் முக்கியமாக இருந்தது. 1972-ல் ஹரியானாவின் ராஜாராம் வழக்கில் பெண்ணுக்கு வயது 14. இன்னொருவருக்காகத் தூது போய், வீட்டைவிட்டு வரும்படி அந்தப் பெண்ணின் மனதை மாற்றியவரை உச்ச நீதிமன்றம் குற்றவாளி என்றது. பேசிப் பேசி சம்மதிக்கவைப்பதே போதும் என்றது.

இப்போது தாராவி கதைக்குத் திரும்புவோம். “நீ கிளம்பி வா, மத்ததை நான் பாத்துக்கறேன்” என்று இளைஞர் அனுப்பிய மெசேஜ் போனில் இருந்தால், அவர் வரதராஜன் தீர்ப்பைக் காட்டித் தப்பிப்பது கஷ்டம். “நான் வீட்டைவிட்டு வந்துட்டேன், ஸ்டேஷனுக்கு வா” என்று பெண் அனுப்பிய மெசேஜ் மட்டும் இருந்தால் வாதத்துக்கு இடம் உண்டு. ஆனால் அதுவும் கிட்னாப்பிங் குற்றச்சாட்டுக்கு மட்டும்தான். பாலியல் உறவு இருந்தால் போக்சோ சட்டம் வரும். அதில் 18 வயதுக்குட்பட்டவரின் சம்மதம் செல்லாது.

எண்களைப் படிக்கும்போது

குழந்தை காணாமல் போனதாகப் புகார் வந்தால், கடத்தலாக இருக்கலாம் என்று கருதி எஃப்.ஐ.ஆர் பதிய வேண்டும் என 2013-ல் பச்பன் பச்சாவ் ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தேடல் தாமதமாகக் கூடாது என்பதே காரணம். அதனால் அம்மாவோடு சண்டை போட்டு அத்தை வீட்டுக்குப் போன சிறுவனும், காதலரோடு ரயில் ஏறிய பெண்ணும், கும்பலிடம் சிக்கிய குழந்தையும் ஒரே ‘கிட்னாப்பிங்’ கணக்கில் வர முடியும். ‘மும்பையில் குழந்தைக் கடத்தல் அதிகரிப்பு’ என்ற தலைப்பைப் பார்த்தால், அதில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், எப்படிப் போனார்கள் என்ற விவரம் இருக்கிறதா என்று தேடுங்கள். எஃப்.ஐ.ஆர் எண்ணிக்கையை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது.